புது மானிட்டரில் ஒரு புள்ளி: செத்ததா, சிக்கியதா?

கேள்வி: மூன்று நாள் முன்பு ஆன்லைனில் 24 இன்ச் மானிட்டர் வாங்கினேன், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல். படம் பார்க்கும்போது இருட்டுக் காட்சிகளில் வலது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. வெள்ளைப் பக்கத்தில் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டும் டெட் பிக்ஸலா? ஈரத்துணி வைத்து அழுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: முதலில், அழுத்தாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே கோளாறு அல்ல. உங்கள் திரையில் ஏறக்குறைய 20 லட்சம் பிக்ஸல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி ஜன்னல்கள். பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்து மூடுவது திரவப் படிகத்தின் வேலை. அதற்கு மின்சாரம் கொடுப்பது ஜன்னலுக்கு ஒன்றாக இருக்கும் டிரான்சிஸ்டர். ஐபிஎஸ் பேனலில் மின்சாரம் வராவிட்டால் ஜன்னல் மூடியே இருக்கும். ஆகவே டிரான்சிஸ்டர் செத்துவிட்டால் அந்த இடம் கறுப்பு. இதுதான் டெட் பிக்ஸல். ஜன்னல் திறந்தபடி சிக்கிக்கொண்டால் அந்த ஒரு நிறம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் பச்சைப் புள்ளி அந்த ரகம், ஸ்டக் பிக்ஸல்.

ஆனால் கறுப்புப் புள்ளியை உடனே டெட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதுத் திரையில் தூசியும் அப்படித்தான் தெரியும். திரையை அணைத்து, மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். அப்புறம் பிரவுசர் முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள்:

```
data:text/html,<body bgcolor=white>
```

F11 அழுத்தினால் திரை முழுக்க வெள்ளை. white இருக்கும் இடத்தில் red, lime, blue, black என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பச்சைக்கு green என்று போடாதீர்கள். அது மங்கலான பச்சைதான், lime தான் முழுப் பச்சை. மொபைல் கேமராவை நெருக்கமாகப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கோடாக ஜன்னல்கள் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் அந்த இடம் கூர்மையான விளிம்போடு கறுப்பாகவே இருந்தால் பிக்ஸல் முழுதும் போய்விட்டது. சிவப்பில் மட்டும் கறுப்பு என்றால் சிவப்பு ஜன்னல் மட்டும் செத்திருக்கிறது. வெள்ளையில் அது லேசான நீலப்பச்சையாகத் தெரியும். விளிம்பு மங்கி, சாம்பல் நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் பேனலுக்குள் புகுந்த தூசி.

பச்சைப் புள்ளிக்கும் ஒரு சோதனை: சிவப்புத் திரையில் அது மஞ்சளாகத் தெரிந்தால் பச்சை ஜன்னல் திறந்தே கிடக்கிறது என்பது உறுதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு திரையில் திறந்து பாருங்கள். அங்கேயும் புள்ளி இருந்தால் பேனலில் குறையில்லை, சாஃப்ட்வேரைத் தேடுங்கள்.

சரி, எதைச் சரிசெய்ய முடியும்? டிரான்சிஸ்டர் செத்த இடத்துக்கு உள்ளே போக வழியில்லை. எந்தச் செயலியும் அதை எழுப்பாது. சிக்கியதற்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. JScreenFix போன்ற இலவசக் கருவிகள் ஒரு சிறிய சதுரத்துக்குள் நிறங்களை வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும். பிரவுசரிலேயே ஓடும். சதுரத்தை இழுத்துப் புள்ளியின் மேல் வைத்து, குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். ஓடும்போது உற்றுப் பார்க்க வேண்டாம். வலிப்பு வரும் சுபாவம் உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். படிகம் அசைந்து கொடுத்தால் புள்ளி மறையும். டிரான்சிஸ்டரே ஒட்டிக்கொண்டிருந்தால் மறையாது. என் பழைய லேப்டாப்பில் ஒரு சிவப்புப் புள்ளி இரண்டு இரவுகளில் போயிற்று, ஒரு மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பியும் வந்தது.

அதனால் இதற்கு ஒரே ஒரு இரவு கொடுங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் ஆர்டர் பக்கத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள், கறுப்பு, வெள்ளை இரண்டு திரைகளிலும் எடுத்த நெருக்கமான படங்களோடு. கெடு தாண்டிவிட்டால் உற்பத்தியாளரின் வாரண்டிதான் கதி, அங்கே நிலைமை வேறு. எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே வரம்பு வைத்திருப்பார்கள். இதற்கு வழிகாட்டிய பழைய ஐஎஸ்ஓ 13406-2 தரத்தில், வழக்கமான இரண்டாம் வகுப்புத் திரைக்கு 10 லட்சம் பிக்ஸலுக்கு முழுக்கறுப்புப் பிக்ஸல் இரண்டு, சிக்கிய ஜன்னல் ஐந்து வரை அனுமதி. அந்தக் கணக்கில் உங்கள் திரை 'நல்ல' திரை! சில நிறுவனங்கள் விலை கூடிய மாடல்களுக்கு மட்டும், ஒரே ஓர் ஒளிப்புள்ளி இருந்தாலும் மாற்றித் தருகின்றன. உங்கள் மாடலின் வாரண்டித் தாளில் பிக்ஸல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி அந்த ஈரத்துணி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் சில மைக்ரான் தடிமனில்தான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் ஒரு பிக்ஸலை மட்டும் தொட முடியாது. ஒரு பிக்ஸலின் அகலமே கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கானவையும் சேர்ந்து நசுங்கும். வெள்ளைத் தழும்பு விழுந்தால் அது உடல் சேதம். மாற்றித் தர மாட்டார்கள். இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் அதோடு போய்விடும்.