ஒரே மெனு, எல்லா பசங்களுக்கும்

"அக்கா, லெஸ்டருக்கு இப்பதான் வந்தோம். பையனோட 6வது பர்த்டேக்கு 12 பசங்க வர்றாங்க. ரெண்டு பேர் ஹலால், ஒரு ஜெயின் பொண்ணு, ஒருத்தனுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இன்னொருத்தனுக்கு சீலியாக், கோதுமையே கூடாதாம். கிச்சன்ல ரெண்டு பேர் நிக்க முடியாது. என்ன செய்றது?"

ஆளுக்கு ஒரு ஐட்டம்னு மட்டும் யோசிக்காதீங்கமா, அந்த கிச்சன்ல நடக்காது. கறி, முட்டை, கடலை, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இதெல்லாம் மொத்தமா விட்டுட்டா நாலு பசங்க பிரச்சனை அப்பவே முடிஞ்சுது, மிச்சம் சீலியாக் பையன்தான், அவனுக்குத்தான் நிஜமா கவனம் வேணும்.

மினி இட்லி போடுங்க, அரிசி உளுந்துல கோதுமை இல்ல. ஆனா தாளிக்கிறப்ப பெருங்காயம் போட்றாதீங்க, கடையில கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், பாக்கெட்ட திருப்பிப் பாத்தா தெரியும், இங்க அலர்ஜி பொருள எல்லாம் லேபிள்ல எடுப்பா போட்டே ஆகணும். நெய் தடவி வெச்சா போதும். சில ஜெயின் வீட்ல புளிச்ச மாவு சாப்பிட மாட்டாங்க, அந்தம்மாட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. வேணாம்னா அந்தப் பொண்ணுக்கு சீஸ் துண்டு, வெள்ளரிக்கா, பழம் இருக்கே (கேரட் வேணாம், அதுவும் கிழங்கு வகைதான்). சீஸ்ல வெஜிடேரியன்னு போட்டிருக்கான்னு பாருங்க, சிலதுல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் இருக்கும். திராட்சைய நீளவாக்குல நறுக்கிடுங்க, முழுசா போனா தொண்டைல அடைக்கும்.

கேக் முட்டையும் பாலும் இல்லாம வரும். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 3 டேபிள்ஸ்பூன் கோகோ, ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, 5 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு கப் தண்ணி ஊத்தி கலக்குனதும் உடனே அவன்ல வெச்சிடணும், சோடாவும் வினிகரும் சேந்து பொங்குறதுதான் கேக்க தூக்குது, வெச்சிருந்தா அமுங்கிடும். 180 டிகிரில அரை மணி நேரம், 8 இன்ச் சதுர டின்ல 16 துண்டு வரும். வெனிலா எக்ஸ்ட்ராக்ட்ல ஆல்கஹால் இருக்கும், அத விட்டுடுங்க, கோகோ வாசனையே போதும்.

சின்ன கிச்சன்ல வேலைய எந்த வரிசையில செய்றீங்கங்கறது முக்கியம். கேக்க முந்தின நாளே பண்ணி முடிங்க, மைதா தூசி பறந்து எல்லாத்து மேலயும் உக்காரும். மேடைய நல்லா துடைச்சு, இட்லித் தட்ட சோப்புப் போட்டுக் கழுவிட்டு (ரவா இட்லி ஊத்தின தட்டா இருக்கும்ல) காலையில இட்லி ஊத்துங்க. சீலியாக் பையனுக்கு அவங்கம்மாவையே ஒரு கேக் துண்டு டப்பால குடுத்து விடச் சொல்லுங்க, இங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவன் தட்ட முதல்ல போட்டுக் குடுத்துட்டு அப்புறம் மத்தவங்களுக்குப் போடுங்க, கேக் தூள் பட்ட கை அதுக்குள்ள போகக்கூடாது.

கடைசியா பார்ட்டி பேக். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோல பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும். பென்சில், பலூன் போட்டுக் குடுத்துடுங்கமா.