மெட்டு கேட்கும் கேள்வி, மெட்டே சொல்லும் பதில்: பியானோ ஆசிரியையின் கேள்வி பதில்

டீச்சர், சொற்களே இல்லாத இசையில் ‘இது கேள்வி, இது பதில்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? எனக்குக் கர்நாடக ஸ்வரங்கள் மட்டும்தான் தெரியும்.

அதுவே போதும். 1824 மே மாதம் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்த பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில், கடைசிப் பகுதியில் வரும் மெட்டை எடுத்துக்கொள்வோம். டி மேஜரில் அமைந்தது. சங்கராபரண ஸ்வரங்களில் பாடிவிடலாம்.

க க ம ப | ப ம க ரி | ச ச ரி க | க, ரி ரி
க க ம ப | ப ம க ரி | ச ச ரி க | ரி, ச ச

கோடுகள் பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம். ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம், பதினைந்து ஸ்வரங்கள். முதல் பன்னிரண்டும் இரண்டு வரிகளிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றே. கடைசி மூன்றில்தான் எல்லாம் நடக்கிறது. க ரி ரி என்பது ரி ச ச ஆகிறது. மூன்றும் ஒவ்வொரு படி இறங்குகின்றன, தாளம்கூட மாறுவதில்லை. முதல் வரியை மட்டும் பாடி ரிஷபத்தில் நிறுத்திப் பாருங்கள், எழுந்து போக மனம் வராது. இரண்டாவது வரியின் முடிவில் வரும். இப்போது வரிகளை இடம் மாற்றிப் பாடுங்கள். பதில் முதலில் வந்துவிடும், பாட்டு ரிஷபத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். எந்த மெட்டிலும் கேள்வி எது, பதில் எது என்று சந்தேகம் வந்தால் நான் மாணவர்களைச் செய்யச் சொல்லும் முதல் சோதனை இந்த இடமாற்றம்தான்.

நாம் பேசும்போது கேள்வியின் முடிவில் குரல் ஏறும், பதிலில் இறங்கும். இசையிலும் அதே விதிதானே? கேள்வி மேலே முடிய வேண்டும், பதில் கீழே முடிய வேண்டும்.

பாதி சரி. மேலே உள்ள மெட்டில் ரி, ச-வுக்கு ஒரு படி மேலேதான் இருக்கிறது. ஆனால் அங்கே குரல் ஏறவில்லை, காந்தாரத்திலிருந்து இறங்கித்தான் ரிஷபத்துக்கு வருகிறது. கேள்வி வரியும் இறங்கியே முடிகிறது, பதில் வரியும் இறங்கியே முடிகிறது. ச-வுக்குக் கீழே இருக்கும் நிஷாதத்தில் நிற்கும் கேள்விகளும் உண்டு. அங்கே பதில் மேலேறித்தான் ச-வைத் தொட வேண்டும். ஆகவே உயரத்தைப் பார்க்காதீர்கள். நின்ற ஸ்வரம் ச என்னும் வீடா, வாசற்படியா என்று பாருங்கள்.

இன்னொன்று. மூன்றாவது கட்டத்தின் தொடக்கத்திலேயே ச ச என்று இரண்டு முறை வருகிறது. அங்கே பாட்டு முடிந்ததாக யாருக்கும் தோன்றாது. அது வரியின் நடுவில் இருக்கிறது, உடனே ரி க என்று மேலே கிளம்பிவிடுகிறது. ச-வைத் தொடுவது மட்டும் பதிலாகிவிடாது. வரி முடியும் இடத்தில் அதன்மேல் உட்கார வேண்டும்.

கேள்வி வரி, சில ஸ்வரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளில் பஞ்சமத்தின்மேல் எழும் கார்டில் முடிவதால்தான் கேள்வியாகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒன்பதாவது சிம்பொனியில் இந்த மெட்டு முதலில் வரும்போது செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மட்டும் வாசிக்கின்றன. கார்டே இல்லை. அப்படியானால் கேள்வி எங்கிருந்து வருகிறது?

நுட்பமான கேள்வி. கார்டு ஒலிக்கவில்லை, உண்மைதான். ஆனால் மெட்டு அதைச் சுட்டிக்காட்டுகிறது. ப, நி, ரி மூன்றும் சேர்ந்தது பஞ்சமக் கார்டு. ச, க, ப சேர்ந்தது சட்ஜக் கார்டு. ரி இரண்டாவதில் இல்லை. வரி முழுவதும் ச-வையும் க-வையும் சுற்றிவந்த காது, ரி-யில் நீண்டு நிற்கும்போது, இது வேறிடம் என்று உணர்ந்துகொள்கிறது. அந்த வேறிடத்துக்குக் கார்டு கொடுத்தால் பஞ்சமக் கார்டு இயல்பாகப் பொருந்தும். துணை வாத்தியங்கள் பின்னால் சேரும்போது அது உறுதிப்படுகிறது, புதிதாகப் பிறப்பதில்லை. மேற்கத்திய இசையைக் கேட்டே பழகாத ஒருவருக்கும் கார்டு இல்லாமல் இதே அளவுக்குக் கேள்வியாக ஒலிக்குமா என்பதில் எனக்கு முடிந்த முடிவு கிடையாது.

என் பேத்திக்கு ஒரு தாலாட்டு மெட்டமைத்தேன். ‘ப ப ம க | ரி க ச ,’ என்று முதல் வரி, ‘ப ப ம க | ரி ரி ச ,’ என்று இரண்டாம் வரி. முதல் வரியிலேயே பாட்டு முடிந்துவிட்டது என்றார்கள். முதல் வரியின் முடிவை ரி ஆக்கினேன். இப்போது கீபோர்டில் வாசித்தால் தவறான ஸ்வரம் போல ஒலிக்கிறது.

உங்கள் திருத்தம் சரியானதுதான் அம்மா. முதல் வரியை ‘ப ப ம க | ச க ரி ,’ என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைத் தொடவே வேண்டாம். பழுது இடது கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வரி முழுவதும் சட்ஜக் கார்டையே அழுத்திப் பிடித்திருப்பீர்கள். அதன்மேல் ரி வந்தால் உரசும். அந்த உரசலைக் காது கேள்வியாக எடுத்துக்கொள்ளாது, பிசகாகத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசி ரி வரும்போது இடது கையைப் பஞ்சமக் கார்டுக்கு மாற்றுங்கள். இரண்டாம் வரியில் ரி ரி வரும்போதும் அதே கார்டு, பிறகு ச-வில் சட்ஜக் கார்டு. முதல் வரி பஞ்சமக் கார்டில் நின்றுவிடுகிறது, இரண்டாம் வரி அதைக் கடந்து வீட்டுக்கு வருகிறது.

எங்கள் பஜனை மடத்தில் ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவோம். அதுவும் இதுதானே?

அது வேறு. அங்கே ஆள் மாறுகிறார், வரி மாறுவதில்லை. வரி ச-வில் முடிந்தால் கூட்டம் திருப்பிப் பாடுவதும் ச-வில்தான் முடியும். நான் சொல்லும் கேள்வியையும் பதிலையும் ஒரே ஆள் தனியாகப் பாடலாம்.

முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’ நொட்டுஸ்வரம் ஆங்கிலேய அரச கீதத்தின் மெட்டு. வயலினில் வாசிக்கிறேன். அதன் முதல் பாதி கேள்வி, இரண்டாம் பாதி பதில் என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் பாதி ஆறு கட்டம், இரண்டாம் பாதி எட்டு. அந்த ஆறின் முடிவில் ‘ரி ச நி | ச’ என்று மெட்டு வீடு சேர்ந்துவிடுகிறது, பதில் கேட்டு நிற்கவில்லை. ஆனால் அந்த ஆறுக்குள்ளேயே பாருங்கள். ‘ச ச ரி | நி, ச ரி’ என்று முதல் இரண்டு கட்டம் ரி-யில் முடிகிறது. ‘க க ம | க, ரி ச’ என்று அடுத்த இரண்டு ச-வில் முடிகிறது. சிறிய அளவில் கேள்வியும் பதிலும்தான் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அப்படிக் கேட்பதில்லை. அந்த ரி மூன்றாவது தட்டில் விழுகிறது, மூச்சு விடக்கூட நிற்காமல் காந்தாரத்துக்கு ஓடிவிடுகிறது. ரி-யில் சற்று நிறுத்தியும் நிறுத்தாமலும் வாசித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

தேர்வுக்குப் படிக்கிறேன் டீச்சர். பேத்தோவன் மெட்டில் எட்டுக் கட்டத்துக்குப் பிறகு வருவதும் கேள்வி பதிலா?

அடுத்த நான்கு கட்டம் வேறு பொருள், தம்பி. ‘ரி ரி க ச’ என்று தொடங்கி, ‘ச ரி’ சொல்லிக் கீழ்ப் பஞ்சமத்துக்கு விழுகிறது. அதன்பின் பன்னிரண்டாவது கட்டத்தின் கடைசித் தட்டிலேயே, ஒரு தட்டு முந்திக்கொண்டு, காந்தாரம் வந்துவிடுகிறது. திரும்பி வருவது பதில் வரி மட்டுமே. க ரி ரி என்று முடியும் கேள்வி வரி மறுபடி வருவதே இல்லை. கீழ்ப் பஞ்சமத்தில் முடிந்த அந்த நடுப்பகுதி கேள்வியின் வேலையைச் செய்துவிட்டது என்று நான் கொள்கிறேன். தேர்வில் மூன்றாவது நான்கு கட்டத்தையே ‘கேள்வி வரி’ என்று எழுதினால் மதிப்பெண் குறையலாம். அது பஞ்சமத்தில் நிற்கும் நடுப்பகுதி என்று எழுதுங்கள்.