தோட்டத்துக் கோப்புகளைக் கேட்பது எப்படி: ‘எல்லாம் வேண்டும்’ என்றால் எதுவும் வராது

கேள்வி: எங்கள் தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டம் வருகிறது. பழைய மயானம் திட்டத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ‘தோட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று நகராண்மைக் கழகத்துக்கு எழுதினோம். ‘விவரம் போதவில்லை’ என்று பதில் வந்தது. எப்படி எழுத வேண்டும்?
– வாசகர், பெஸ்தாரி ஜெயா

பதில்: நீங்கள் சிலாங்கூரில் இருப்பது நல்லதாயிற்று. 2011-இல் இயற்றப்பட்ட மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் மாநில இலாகாக்களையும் ஊராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்தும். கூட்டரசு இலாகாக்களும் தோட்ட நிறுவனமும் அதற்குள் வராதவை. ஆனால் நிறுவனம் நகராண்மைக் கழகத்தில் கொடுத்த வரைபடம் கழகத்தின் கோப்பில் இருக்கும். அதைக் கழகத்திடமே கேட்கலாம்.

உங்களுக்கு உண்மையில் தேவை ‘எல்லாம்’ அல்ல, ஒரே ஒரு வரைபடம்: அங்கீகரிக்கப்பட்ட மனை அமைப்பு வரைபடம், மலாயில் பெலான் சூசுன் ஆத்தூர். அதோடு, திட்ட அனுமதிக் கடிதமும் (கெபெனாரான் மெரன்சாங்) அதன் நிபந்தனைப் பட்டியலும். மயானத்துக்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் வரைபடத்தில் தெரியும். அதைத் தொடக்கூடாது, வேலி போட வேண்டும் என்பது போன்ற கட்டளை இருந்தால் நிபந்தனைகளில் இருக்கும்.

ஒரு ஆவணத்தை அதிகாரி தேடி எடுக்க நான்கு பிடிகள் தேவை: நிலம், ஆவண வகை, காலம், கோப்பு எண். இவற்றில் நிலத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. லோட் எண், முக்கிம், மாவட்டம் மூன்றும் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டால் பழைய லோட் எண் போய், முதலில் தற்காலிகமான பி.டி. எண்கள் வரும்; அளவை முடிந்தபின் புதிய லோட் எண்கள் வரும். பழைய எண்ணை மட்டும் கொடுத்தால் ‘பதிவு இல்லை’ என்று பதில் வரலாம், அது பொய்யும் ஆகாது. ஆகவே தெரிந்த எண்களை எல்லாம் எழுதுங்கள். ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான்: பழைய தாள்களில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இருக்கும், இரண்டையும் குறிப்பிடுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி உரிமைப் பத்திரத் தேடல் செய்தால் லோட் விவரம் கிடைத்துவிடும். அதற்குத் தகவல் சட்டம் தேவையில்லை.

கோப்பு எண்ணுக்குத் திட்டத்தின் வாசலுக்குப் போங்கள். அங்கே நிற்கும் விளம்பரப் பலகையை விட்டுவிட்டு, சிறு எழுத்தில் இருக்கும் திட்ட அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அனுமதி எண் இருந்தால் எழுத்துக்கு எழுத்து, சாய்கோடு உட்பட, படம் பிடித்து வந்து அப்படியே எழுதுங்கள்.

இனி, கோரிக்கை வாக்கியத்தை மலாயில் எழுதுங்கள்; அதன் தமிழ் வடிவம் இப்படி இருக்கலாம்: “மாவட்டம் கோல சிலாங்கூர், இன்ன முக்கிம், லோட் 1234 (தற்போது பி.டி. எண்கள் இவை) மீதான, இன்ன எண் கொண்ட திட்ட அனுமதிக் கோப்பிலிருந்து: (அ) அனுமதிக் கடிதமும் நிபந்தனை இணைப்பும்; (ஆ) முத்திரையிடப்பட்ட மனை அமைப்பு வரைபடமும், பின்னர் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் திருத்த வரைபடமும், மூல அளவில், வண்ணத்தில்.” எண்கள் உதாரணத்துக்கு.

அந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிடாதீர்கள். பெரிய தாளில் வரைந்ததை ஏ4-க்குச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால், எந்தப் பச்சை திடல், எந்தப் பழுப்பு மயான ஒதுக்கீடு என்று பிரிக்கவே முடியாது. திருத்த வரைபடத்தைக் கேட்காவிட்டால், முதல் வரைபடத்தில் மயானம் இருப்பதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். அடுத்த திருத்தத்தில் அது சாலையாகியிருக்கக்கூடும்.

‘மயானத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று கடிதத்தில் கேட்காதீர்கள். இந்தச் சட்டத்தில் நீங்கள் பெறுவது பதிவுகளை, விளக்கத்தை அல்ல. காரணம் வேண்டுமென்றால் காரணம் எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள்: அதே விண்ணப்பத்தின் மீது தொழில்நுட்ப இலாகாக்கள் கொடுத்த கருத்துகள். இதைத் தனி விண்ணப்பமாக அனுப்புவதே என் ஆலோசனை. மாநில ஆட்சிக்குழுத் தாள்களும், ‘சூலிட்’ போன்ற இரகசிய முத்திரை உள்ளவையும் 1972 அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில் சிக்கும். ஒரே கடிதத்தில் சேர்த்தால் வரக்கூடிய வரைபடமும் அவற்றோடு முடங்கும்.

விண்ணப்பத்தில் நோக்கமும் எழுத வேண்டும். ‘மயான நிலத்தின் நிலையை அறிந்து, சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குத் தெரிவித்து, அதிகாரிகளிடம் முறையிட’ என்று, செய்யப் போவதை முழுமையாக எழுதுங்கள். சொன்ன நோக்கத்துக்குப் புறம்பாகத் தகவலைப் பயன்படுத்துவது இச்சட்டத்தில் குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். முகநூலில் போடும் எண்ணமிருந்தால் அதையும் நோக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கழகத்தின் தகவல் அதிகாரி பெயருக்கு நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதிலுக்கான 30 நாள் கெடுவைக் காட்ட அதுதான் ஆதாரம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, காலம் தாழ்த்தாமல் மாநிலத் தகவல் வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் கெடு உண்டு.