ஓவியரின் பயோவில் எமோஜி எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: குழந்தைகள் புத்தகங்களுக்கு ஃப்ரீலான்ஸாகப் படம் வரைகிறேன். இன்ஸ்டாகிராமில் என் பயோ இது: "🎨✨ கலையே என் மூச்சு ✨🖌️ கனவுகளுக்கு வண்ணம் தருபவள் 🌈🦋💕 பூனைப் பிரியை 🐱 ஆர்டருக்கு 💌". லைக் வருகிறது, வேலை வருவதில்லை. எமோஜி அதிகமோ? எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

பதில்: ஒன்பது எமோஜி இருக்கிறது. மூன்று போதும். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் சரியாகிவிடாது. ஒவ்வொரு எமோஜியும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

புத்தகத்துக்கு ஓவியர் தேடுவது பல வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. ஒரு பக்கத்தைத் திறந்ததும் எனக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான்: யாருக்காக வரைகிறார், இப்போது கையில் நேரம் இருக்கிறதா, எப்படித் தொடர்புகொள்வது. உங்கள் பயோவில் முதல் இரண்டுக்கும் பதிலே இல்லை. குழந்தைகள் புத்தகம் என்ற சொல்லை உங்கள் கேள்வியில்தான் பார்த்தேன், பயோவில் பார்க்கவில்லை. மூன்றாவதுக்கு 💌 இருக்கிறது. அந்த எமோஜியின் பெயரே காதல் கடிதம். நடுவில் இருக்கிற இதயத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் எமோஜியின் பெயரைத்தான் உரக்கப் படிக்கும். "ஆர்டருக்கு காதல் கடிதம்" என்றுதான் அவர்கள் காதில் விழும்.

உங்கள் தொழிலுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. எமோஜி என்பது வேறொருவர் வரைந்த படம். ஐபோனில் ஒரு மாதிரி, ஆண்ட்ராய்டில் இன்னொரு மாதிரி தெரியும். அதன் பளிச்சென்ற நிறம் உங்கள் ஓவியத்துக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணக்கு எழுதுபவர் பயோவில் ஒன்பது எமோஜி இருந்தால் அது வெறும் அலங்காரம். ஓவியர் பயோவில் இருந்தால் அது போட்டி. 🎨, 🖌️ இரண்டையும் முதலில் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஓவியர் என்ற சொல்லும் கீழே உங்கள் படங்களும் இருக்கும்போது அந்தத் தட்டும் தூரிகையும் புதிதாக எதையும் சொல்வதில்லை.

எமோஜியை வரியின் தொடக்கத்தில் புள்ளி வைப்பதுபோல் வையுங்கள். கண் வரிக்கு வரி இறங்க அது உதவும். உங்களுக்காக நான் எழுதிப் பார்த்தது:

```
குழந்தைகள் புத்தக ஓவியர்
📚 3–8 வயதுக்கான படக்கதைகள், வாட்டர்கலரில்
🟢 ஜூன் முதல் புது வேலைக்கு இடம் உண்டு
📩 விலை கேட்க: மெயில் பட்டன்
```

வயதும் ஊடகமும் மாதமும் நானாக ஊகித்தவை, உங்களுக்குப் பொருந்துகிறபடி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியில் எமோஜி இல்லாதது வேண்டுமென்றே செய்தது. பயோ நீளமானால் பின்வரும் வரிகள் "மேலும்" என்பதற்குள் மறைந்துவிடும், ஆகவே நீங்கள் யார் என்பது முதல் வரியில் சொல்லாகவே இருக்கட்டும். மெயில் பட்டன் வர, கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி, தொடர்பு விவரத்தில் மின்னஞ்சலைச் சேர்த்து, அது பக்கத்தில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராம் தருவது 150 எழுத்து. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவது உண்டு. "ஓவியர்" நம் கணக்கில் நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் ஓ, வ, இகரக் குறி, ய, ர, புள்ளி என்று ஆறு. எமோஜி ஒவ்வொன்றையும் இரண்டாக எடுத்துக்கொண்டு, வரி முறிவுகளையும் சேர்த்து மேலே இருப்பதை எண்ணினேன், 135 வந்தது. இப்படிக் கறாராக எண்ணி 150க்குள் நின்றால் எந்த விதத்தில் எண்ணினாலும் அடங்கிவிடும். மீதி 15ல் பூனையைச் சேர்க்கலாமா என்று தோன்றும். நீங்கள் வரைகிற கதைகளில் பூனைகள் நிறைய வருமென்றால் அது வேலையைப் பற்றிய தகவல், சேருங்கள். இல்லையென்றால் இடம் சும்மா இருக்கட்டும்.

🟢 வைத்த வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை வட்டம், சிவப்பு வட்டம் இரண்டையும் நிறத்தால் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அதனால் செய்தி சொல்லில் இருக்க வேண்டும், வட்டம் துணைக்குத்தான். "இப்போது" என்று எழுதாமல் மாதத்தைப் போட்டதற்கும் காரணம் உண்டு. "இப்போது இடம் உண்டு" என்பது ஒரு வருடம் பழையதா, நேற்று எழுதியதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மாதம் கடந்ததும் அந்த வரியை நீங்களே மாற்றியாக வேண்டும், பக்கம் உயிரோடு இருப்பதும் தெரியும். கை நிறைய வேலை வந்துவிட்டால் "🔴 ஆகஸ்ட் வரை நிரம்பிவிட்டது" என்று மாற்றுங்கள்.

இந்த இடத்தில் நாட்காட்டி எமோஜி வைக்கலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். 📅 ஐபோனில் ஜூலை 17 என்ற தேதியோடு தெரியும். ஒரு ஓவியரின் பயோவில் அதைப் பார்த்துவிட்டு, ஜூலை 17க்குப் பிறகுதான் வேலை எடுப்பார் போலிருக்கிறது என்று நான் வேறொருவரைத் தேடிப் போயிருக்கிறேன்.

பெண் ஓவியர் எமோஜியான 👩‍🎨 உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். அது ஒற்றை எழுத்து அல்ல. பெண், தட்டு என்ற இரண்டு எமோஜிகளைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி ஒட்டிவைத்திருக்கிறது. பழைய போனில் அது பிரிந்து 👩🎨 என்று தனித்தனியாக நிற்கும், எழுத்து எண்ணிக்கையிலும் அதிக இடம் பிடிக்கும். ✒️ போன்ற கறுப்பு எமோஜிகள் டார்க் மோடில் பின்னணியோடு கலந்து மங்கிப்போகும். சேமித்ததும் இன்னொருவரின் போனில், வெளிச்சமான திரையிலும் இருண்ட திரையிலும் ஒருமுறை பாருங்கள். திரைவாசிப்பானையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். 📚க்குப் புத்தகங்கள் என்ற பெயர் வருவதால் அந்த வரி கேட்கவும் இயல்பாக இருக்கும். ✨✨ இருக்கும் பயோவைக் கேட்டால் எதை எடுக்க வேண்டும் என்று காதே சொல்லிவிடும்.

கடைசியாக, பயோவுக்கு மேலே இருக்கிற பெயர்ப் பெட்டி. அது இந்த 150ல் சேராது, தேடலிலும் உதவும். ஓவியர் தேடுகிறவர்கள் பலரும் ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள். ஆகவே உங்கள் பெயரோடு `Children's Book Illustrator` என்று சேருங்கள், இடம் போதாவிட்டால் `Illustrator` மட்டும் போதும். அந்தப் பெட்டியில் எமோஜி வேண்டவே வேண்டாம். 14 நாளில் இரண்டு முறைதான் அந்தப் பெயரை மாற்ற முடியும், எனவே எழுத்துப்பிழை பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

எக்ஸ் தளத்தில் பயோவுக்கு 160 எழுத்து கிடைக்கும், இதே நான்கு வரி அங்கேயும் அடங்கும். அங்கே சாதாரணக் கணக்கில் மெயில் பட்டன் கிடையாது. கடைசி வரியில் மட்டும் மின்னஞ்சல் முகவரியையே எழுதிவிடுங்கள்.