மீட்டிங் தேதியை மாற்றி எழுதும்போது

“ரிவ்யூவை இரண்டு நாள் தள்ளிவைக்க ‘புஷ் த ரிவ்யூ பேக் பை டூ டேஸ்’ என்று எழுதினேன், வெளிநாட்டு சகா இரண்டு நாள் முன்னதாகவே வந்து காத்திருந்தார்.”

புஷ், பேக் இரண்டுமே அவருக்குத் தெரிந்த சொற்கள், சிக்கலே அதுதான். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் பார்த்திருப்பார்; இங்கே ‘பேக்’ என்றதும் நாட்காட்டியில் பின்னால், அதாவது முந்தைய தேதிக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பார். ‘மூவ் ஃபார்வர்ட்’ எழுதினாலும் இதே குழப்பம் வரும். திசை காட்டும் சொல்லே வேண்டாம், பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் சொல்லிவிடுங்கள்: ‘த ரிவ்யூ வில் நாட் பி ஆன் 10 ஜூன். த நியூ டேட் இஸ் 12 ஜூன்.’ மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள், 10/6 என்றால் அமெரிக்கருக்கு அது அக்டோபர் 6. அப்புறம், அனுப்பும் முன் வினைச்சொல்லோடு பேக், அப், ஆஃப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘புட் ஆஃப்’ இருந்தால் ‘போஸ்ட்போன்’ என்று மாற்றுங்கள்.