வலது அடிவயிற்றில் வலி: குடல்வாலா, சினைப்பைக் கட்டியா?

கேள்வி: எனக்கு 23 வயது, திருமணமாகவில்லை. போன திங்கள் இரவு தொப்புளைச் சுற்றி வலித்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை, அப்புறம் குமட்டல். காலையில் வலி வலது அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 13,400. வயிற்று ஸ்கேனில் வலது சினைப்பையில் 3 செ.மீ. நீர்க்கட்டி, குடல்வால் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கட்டி வலிதான் என்று சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள், குறைந்தது. இரண்டு நாளாக அதே இடத்தில் மறுபடி லேசான வலி. இது கட்டிதானா, அப்பென்டிக்ஸா?

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றே ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய் வயிற்றைக் காட்டுங்கள். அடுத்த பீரியட்ஸ் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். எனக்குக் குடல்வால் மேல்தான் சந்தேகம் அதிகம்.

காரணம் ஸ்கேனில் இல்லை, உங்கள் வலி வந்த வரிசையில் இருக்கிறது. குடல்வால் வீங்கத் தொடங்கும்போது அதன் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பும் தொப்புள் பகுதியின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் முதல் சில மணி நேரம் வலி தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் இருக்கும். பசி போய்விடும், பிறகு குமட்டும். அரை நாள், ஒரு நாள் ஆனதும் வீக்கம் வயிற்றின் உள்சுவரைத் தொடும். அந்தச் சுவருக்கு வலிக்கும் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், வலி வலது பக்கம் கீழே இறங்கி ஒரு விரலால் காட்டும்படி நிலைத்துவிடும். இருமினால் வலிக்கும். வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

சினைப்பை வலி இப்படி இடம் மாறி வருவது அரிது. முட்டை வெளிவரும்போது சிலருக்கு வரும் வலி, மாதச் சுழற்சியின் நடுவில், ஒரே பக்கத்தில் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். நீர்க்கட்டி உடைந்தால் வலி சட்டென்று வரும், பெரும்பாலும் பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரங்களில். இவற்றில் பசி அவ்வளவாகப் போகாது.

எங்களைப் பயப்பட வைப்பது சினைப்பை முறுக்கிக்கொள்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்தேன். காலையில் கோலம் போடக் குனிந்தவளுக்கு வலது அடிவயிற்றில் திடீரென்று கடும் வலி, அந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே மூன்று தடவை வாந்தி. பிறகு வலி தணிந்தது, மறுபடி ஏறியது. என்னிடம் வருவதற்கு முன் வேறொரு இடத்தில் அப்பென்டிக்ஸாக இருக்கலாம், காலையில் பார்ப்போம் என்று ஓர் இரவு வைத்திருந்தார்கள். டாப்ளர் ஸ்கேனில் சினைப்பைக்கு ரத்தம் போவது தெரிந்ததால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்த்தபோது 7 செ.மீ. கட்டியோடு சினைப்பை இரண்டு சுற்று முறுக்கி, நாவல்பழ நிறத்தில் இருந்தது. முறுக்கை அவிழ்த்து, கட்டியை மட்டும் எடுத்தோம். சினைப்பை பிழைத்தது. முன்பும் இரண்டு தடவை இப்படி வலித்துத் தானாகவே நின்றதாம். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு பேரின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுக்கு நிமிடம் சொல்லும்படி வலி தொடங்கியது, வாந்தியும் கூடவே வந்தது. உங்களுக்கு வலி மெல்ல ஏறி, குமட்டல் பின்னால் வந்து, இடமும் மாறியது. கட்டி அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. முறுக்கிக்கொள்ளும் சினைப்பையில் பெரும்பாலும் 5 செ.மீ.க்கு மேல் கட்டி இருக்கும். உங்கள் வயதில் 3 செ.மீ. வரை சாதாரண நீர்க்கட்டி தெரிவது மாதாமாதம் முட்டை வளர்வதன் அடையாளம்தான், நோய் அல்ல. வலிக்கும் பக்கத்தில் ஒரு கட்டி கண்ணில் பட்டதும் பழியை அதன் மேல் போட்டுவிடுவது நாங்கள் அடிக்கடி செய்யும் பிழை.

‘குடல்வால் தெரியவில்லை’ என்றால் குடல்வால் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. குடலில் இருக்கும் காற்று மறைத்தாலும், அது கீழே இடுப்புக்குழிக்குள் தொங்கினாலும் ஸ்கேனில் சிக்காது. அப்படித் தொங்கும் குடல்வால் சிறுநீர்ப்பையை உரசும். அடிக்கடி சிறுநீர் வரும், எரியும், அது யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று முடிந்துவிடும். வயிற்றை அழுத்தினாலும் அவ்வளவாக வலிக்காது. இந்த வலியைத்தான் கர்ப்பப்பை வலி என்று பெண்களும் நினைக்கிறார்கள், மருத்துவர்களும் நினைக்கிறார்கள்.

ஆல்வரடோ மதிப்பெண் என்று ஒன்று உண்டு, மொத்தம் 10. வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, குமட்டலுக்கு 1, வெள்ளையணுக்கள் 10,000-ஐத் தாண்டியதற்கு 2. இதிலேயே உங்களுக்கு 5 வந்துவிட்டது. வலது அடிவயிற்றை அழுத்தும்போது வலித்தால் இன்னும் 2 சேர்ந்து 7. ஏழு என்றால் குடல்வால் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இளம்பெண்களிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே குடல்வாலைக் காட்டும். அதனால் எண்ணை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. உங்களுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை, அப்புறம் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். இப்போது அது தேவைதான். ஆன்டிபயாட்டிக் குடல்வால் அழற்சியைச் சில நாள் அடக்கி வைக்கும், பலருக்கு அதிலேயே முழுக்கக் குணமாவதும் உண்டு. உங்களுக்கு வலி திரும்பியிருப்பதால், அழற்சி முழுதாக அடங்கவில்லையா, சீழ் கட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சி.டி.க்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். திருமணமாகவில்லை என்று சொன்ன பிறகும் கேட்கிறார்களே என்று நீங்களும் அம்மாவும் வருத்தப்படாதீர்கள். குழந்தை பெறும் வயதில் அடிவயிற்று வலியோடு வரும் எல்லாப் பெண்களுக்கும் இதைச் செய்கிறோம். கரு குழாயில் தங்கி வெடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

போகும்போது கடைசி பீரியட்ஸ் வந்த தேதி, வலி தொடங்கிய நேரம், குமட்டல் அதற்கு முன்னா பின்னா, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையும் கையில் இருக்கட்டும். வலி தாங்க முடியாமல் வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதனால் நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடாது. வழியிலேயே காய்ச்சல் குளிரோடு ஏறினாலோ, மயக்கம் வந்தாலோ, வயிறு பலகை போல இறுகினாலோ, தோள்பட்டையில் வலித்தாலோ கிளினிக்குக்குப் போகாமல் 108-ஐக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.