கேரசல் டிராஃப்டைப் பார்த்துக் கருத்துச் சொல்வது: கேள்வி பதில்

எல்லாரும் ஒரே டிராஃப்டை வைத்துப் பேசினால் வசதி என்பதால், இன்ஸ்டாகிராமுக்காகத் தயாரான, பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் 9 ஸ்லைடு கேரசல் பதிவு ஒன்றைச் செய்தவரின் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டோம். பொருள்: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுப்பது. வரிசை இப்படி: 1. கோடைகால உடல்நலக் குறிப்புகள், 2. ஓ.ஆர்.எஸ். வரலாறு, 3. நீர்ச்சத்து ஏன் குறைகிறது, 4. அறிகுறிகள், 5. செய்முறை, 6. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், 7. பாக்கெட் இல்லாவிட்டால், 8. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், 9. நன்றி, பின்தொடருங்கள்.

புதுவரவு: ஒருத்தர் டிராஃப்ட் அனுப்பி "எப்படி இருக்கு"ன்னு கேட்டா எங்கேருந்து ஆரம்பிக்கிறது அக்கா? நான் முதல் ஸ்லைடுலயே எழுத்துப்பிழை திருத்த உட்கார்ந்துடறேன்.

பிழை கடைசியில். ஸ்லைடே தூக்கப்படப் போகிறது என்றால் அதில் ஒற்றுப்பிழை திருத்தியது வீண் வேலைதானே. முதலில் போக்கு, அப்புறம் தெளிவு, அதற்கும் பிறகுதான் கண்ணுக்கு எது முதலில் படுகிறது என்பது.

முதல் தடவை போனில், சாதாரணமாகத் தள்ளும் வேகத்திலேயே பாருங்கள். லேப்டாப்பில் பெரிதாக வைத்துப் பார்த்தால் குறைகள் ஒளிந்துகொள்ளும். பார்த்து முடித்ததும் டிராஃப்டை மூடிவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடும் என்ன சொன்னது என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த ஸ்லைடுக்கு வரி வரவில்லையோ அங்கே ஏதோ கோளாறு. இரண்டு ஸ்லைடுக்கு ஒரே வரி வந்தால் ஒன்று மிகை.

தறிக்காரன்: இந்த ஓ.ஆர்.எஸ். டிராஃப்ட்ல போக்கு எங்க அடிபடுது? எனக்கு வரிசை சரியாத்தான் தெரியுது.

பாடப்புத்தக வரிசையாகப் பார்த்தால் சரிதான். ஆனால் இதைப் பார்க்கப் போகிறவர் கையில் அழுகிற குழந்தை இருக்கிறது. அவருக்கு வேண்டிய செய்முறை 5ஆவதில் கிடக்கிறது. முன்னால் இருக்கும் நாலில் அறிகுறிகள் மட்டும்தான் அவருக்கு உதவும்.

முதல் ஸ்லைடுதான் பெரிய சிக்கல். "கோடைகால உடல்நலக் குறிப்புகள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே ஓ.ஆர்.எஸ். மட்டும் பேசுகிறது. வெயில் கட்டி, வேர்க்குரு என்று எதிர்பார்த்து வந்தவர் இரண்டாவதிலேயே போய்விடுவார். ஓ.ஆர்.எஸ். தேடுகிறவரோ உள்ளேயே வரமாட்டார். இங்கே "தலைப்பு கவர்ச்சியாக இல்லை" என்று எழுதினால் செய்தவர் கலரை மாற்றிவிட்டு வருவார். "முதல் ஸ்லைடைப் பார்த்து வெயில் பற்றி எதிர்பார்த்தேன், 5ஆவதில்தான் விஷயம் பிடிபட்டது. 'குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கலக்கும் சரியான அளவு' என்று முதலிலேயே சொல்லலாமா?" என்று எழுதினால் எதை மாற்றுவது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

வரலாறு ஸ்லைடை எடுத்துவிடச் சொல்வேன். சுவையான விஷயம்தான், தனிப் பதிவாகப் போடட்டும்.

நிலாமுற்றம்: என் பேஜ்ல 3 மாசமா ரீச் விழுந்துபோச்சு. இப்படிக் கருத்து வாங்கித் திருத்தினா ரீச் ஏறுமா?

அது வேறு கேள்வி. ஏறும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் கருத்துச் சொல்கிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவது உண்டு. அதனால் இரண்டாவது ஸ்லைடை மட்டும் ஒரு நண்பரிடம் காட்டி, "இது எதைப் பற்றி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். இந்த டிராஃப்டில் அந்த இடத்தில் ஓ.ஆர்.எஸ். வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை: தெளிவுன்னா என்ன, எளிய தமிழ்ல இருக்கணும்னா? 5ஆவது ஸ்லைடு எளிமையாத்தானே இருக்கு: "ஒரு பாக்கெட்டை சுத்தமான தண்ணீரில் கலக்கவும்."

எளிமையாக இருக்கிறது, தெளிவாக இல்லை. எந்தப் பாக்கெட்? எவ்வளவு தண்ணீர்? நம் மருந்துக்கடைகளில் 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் கிடைக்கிறது, 200 மில்லிக்கான சின்னதும் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பும் சர்க்கரையும் பல மடங்கு கூடி வயிற்றுப்போக்கு மோசமாகலாம், குழந்தையின் உடலில் சோடியமும் ஏறிவிடும். சின்ன பாக்கெட்டை 1 லிட்டரில் கரைத்தால் உப்புச்சத்து போதாது.

தெளிவைச் சோதிக்க ஒரு வழி: எழுதியிருப்பதை மட்டும் வைத்து, வேறு எதையும் ஊகிக்காமல், மனதுக்குள் அந்த வேலையைச் செய்து பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கேள்வி எழுதுங்கள். 7ஆவது ஸ்லைடிலும் கை நிற்கும். "6 கரண்டி சர்க்கரை, அரை கரண்டி உப்பு, 1 லிட்டர் தண்ணீர்" என்று இருக்கிறது. எந்தக் கரண்டி? குழம்புக் கரண்டியும் கரண்டிதான். தலைதட்டிய தேக்கரண்டி என்று இருக்க வேண்டும். "தெளிவாக எழுதுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "எந்தக் கரண்டி?" என்ற இரண்டு சொல் அதிகம் வேலை செய்யும்.

தறிக்காரன்: 6ஆவது ஸ்லைடு எனக்கு உறுத்துது, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல.

வரி உடைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்லைடில் இப்படி இருக்கிறது:

24 மணி நேரத்துக்கு மேல்
வைத்திருந்து கொடுக்க
வேண்டாம்

"கொடுக்க" வரைக்கும் தடித்த பச்சை எழுத்து. "வேண்டாம்" மட்டும் மூன்றாவது வரியில், மெல்லிய சாம்பலில். வேகமாகத் தள்ளுகிறவர் கண்ணில் "24 மணி நேரம், கொடுக்க" என்பதுதான் பதியும், அதுவும் பச்சையில். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதனால் எச்சரிக்கை ஸ்லைடு எதைப் பார்த்தாலும் முதலில் "கூடாது", "வேண்டாம்", "இல்லை" எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று தேடுங்கள். வாக்கியத்தையே திருப்பிப் போடச் சொல்வது இன்னும் நல்லது: "கலந்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்." மறுப்பே தேவைப்படாது.

அச்சுக்கூடம்: கண்ணுக்கு முதல்ல படணும்னா போல்ட் போட்டுப் பெரிசாக்கச் சொன்னா போதுமே. நான் எல்லாருக்கும் அதான் சொல்றேன்.

பாதி சரி. பெரிதாக்குவது வேலை செய்யும், ஆனால் ஒன்றைப் பெரிதாக்கினால்தான். நாலையும் பெரிதாக்கினால் பழையபடி சமம்தான்.

5ஆவது ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள். போனைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முதலில் பாக்கெட் படம், அடுத்து "செய்முறை" என்ற தலைப்பு, மூன்றாவது கீழே இருக்கும் பக்கத்தின் பெயர். அளவு ஸ்லைடிலேயே இல்லை, கண்ணுக்கு எப்படி வரும்? இதை அப்படியே எழுதி அனுப்புங்கள்: "என் கண் போன வரிசை: படம், செய்முறை, பேஜ் பெயர். 1 லிட்டர் என்பது முதலில் வர வேண்டாமா?" இதில் ரசனைச் சண்டைக்கே இடமில்லை, கண் போன வழியைத்தான் சொல்கிறீர்கள்.

அளவையும் சொல்லிவிடலாம். ஸ்லைடின் அகலம் 1080 பிக்சல். அது போன் திரையில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டரில் அடங்குகிறது. அப்படியானால் 30 பிக்சல் எழுத்து 2 மில்லிமீட்டர்கூட வராது. இந்த டிராஃப்டின் உள்வரிகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. உள்வரிக்கு 45க்குக் குறையாமலும், "1 லிட்டர்" போன்ற ஒற்றை அளவுக்கு 150ஐ ஒட்டியும் கேட்பேன். டிசைன் ஆப் காட்டும் எண்ணும் பிக்சலும் எப்போதும் ஒன்றாக இருக்காது, போனில் பார்ப்பதே தீர்ப்பு.

போல்ட் விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. மீரா இனிமை, பவனம் மாதிரி எழுத்துருக்களில் ஒரே தடிமன்தான். அவற்றுக்கு போல்ட் போட்டால் சில மென்பொருள்கள் கோட்டைச் செயற்கையாகத் தடிக்க வைக்கும், ண, ன, ணை எல்லாம் சுழி அடைபட்டு மைக்கறை மாதிரி ஆகிவிடும். தடிமன் வேறுபாடு வேண்டுமென்றால் முக்தா மலர், கேட்டமரான் போன்றவற்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். வரி இடைவெளியையும் பாருங்கள். மேல் வரியின் "கூ", "மு" வால்கள் கீழ் வரியின் "கீ", "மி" கொம்புகளோடு முட்டினால் எழுத்தளவைப் போல 1.4 மடங்காவது இடைவெளி கேளுங்கள்.

ஓரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே வலது மூலையில் "1/9" என்ற எண் வந்து உட்காரும், அங்கே எழுத்து வைக்கக் கூடாது. 1080க்கு 1350 அளவில் செய்த முகப்பு ஸ்லைடு புரொஃபைல் கட்டத்தில் 3:4 ஆக வெட்டப்படும்போது இரு பக்கமும் சுமார் 34 பிக்சல் போகும்.

மஞ்சப்பை: நான் துணிக்கடையில வேலை பாக்கறேன். டிராஃப்ட் முதலாளியே செய்றார். 8 சேலை, விலை கடைசி ஸ்லைடுல மொத்தமா. தப்புன்னு எப்படி அவர்கிட்ட சொல்றது?

தப்பு என்று சொல்லவே வேண்டாம், வாடிக்கையாளர் வாயில் வைத்துச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, மூணாவது சேலை பிடிச்சவங்க விலைக்காக கடைசி வரைக்கும் போய், அது எந்தச் சேலைன்னு பார்க்க மறுபடி திரும்பி வரணும். ஒவ்வொண்ணுக்கு கீழயும் விலை போட்டுடலாமா?" ஒரே நேரத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். பன்னிரண்டு குறை எழுதி அனுப்பினால் யாராக இருந்தாலும் சுலபமான நாலைத் திருத்திவிட்டு முக்கியமானதை விட்டுவிடுவார்கள். "இது மாறியே ஆகணும்", "இது என் விருப்பம்" என்று பிரித்தும் சொல்லிவிடுங்கள். விலை முதல் வகை, பார்டர் கலர் இரண்டாவது வகை.

வெள்ளுடை: நான் நர்ஸ். 8ஆவது ஸ்லைடை, அதான் எப்போ டாக்டர்கிட்ட போகணும்ங்கறதை, 2ஆவதுக்குக் கொண்டுவரணும். பாதியில விடறவங்களுக்கு அதுதான் உயிர் காக்கும். நீங்க இதைப் பத்திப் பேசவே இல்லையே?

பேசியிருக்க வேண்டும், சரி. கண் குழிந்து சோர்ந்து கிடக்கிற, குடிக்க முடியாத, மலத்தில் இரத்தம் போகிற குழந்தையின் அம்மா செய்முறை தேடி நேரம் கடத்தக் கூடாது. ஆனால் இரண்டாவதிலேயே அதை வைத்தால், சாதாரண வயிற்றுப்போக்கோடு வந்தவர் பயந்துபோய் அளவைப் பார்க்காமலே மூடிவிடுவாரோ என்று எனக்குத் தயக்கம். நான் கேட்டிருக்கக்கூடியது: 4ஆவது அறிகுறிகள் ஸ்லைடை முன்னுக்குக் கொண்டுவந்து இரண்டாகப் பிரிக்கலாம், மேலே "வீட்டில் பார்க்கலாம்", கீழே சிவப்பில் "உடனே மருத்துவமனை".

வெள்ளுடை: பாதி ஸ்லைடுல சின்ன எழுத்துல போட்டா யார் படிப்பா? தனி ஸ்லைடுதான் வேணும்.

இதில் நாம் இரண்டு பேரும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம். செய்தவர் இரண்டு வடிவத்தையும் கைக்குழந்தை உள்ள நாலைந்து பேரிடம் காட்டட்டும். பார்த்து முடித்ததும் "எவ்வளவு தண்ணீர்? எப்போது ஆஸ்பத்திரி?" என்று இரண்டே கேள்வி. இரண்டுக்கும் பதில் வருகிற வடிவம் எதுவோ, அதையே போடட்டும்.